அவ போட்ட ஆறு புள்ளி

செயன்முறைப் பரீட்சைக் காலம் வந்தால் எனக்கு அந்த டீச்சரின் நினைவு வந்துவிடும். எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் உடற்கல்விப் பரீட்சைக்கு, ஆலங்குடாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டாவது பரீட்சகராக அவதான் வருவா. சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவ. இருவரும் தள்ளித் தள்ளி இருந்து, ஒருவர் தாளை ஒருவர் பாராமல் புள்ளி போட்டுவிட்டு, பிறகுதான் ஒப்பிடுவோம்.

ஒரு வருஷம், நான் மாதக்கணக்காகப் பழக்கிய மாணவி கரப்பந்து சேர்விஸ் ஐந்தையும் கடற்காற்றை மீறி எதிர்ப்பக்கத்துக்குள் விழுத்தினாள். நான் பத்துக்குப் பத்து போட்டேன். அவ போட்டது ஆறு.

"நீங்க பந்து விழுந்த இடத்தை மட்டும் பாத்திருக்கிறீங்க டீச்சர். பிள்ளை ரெண்டு தரம் பின்கோட்டை மிதிச்சிட்டுத்தான் அடிச்சது," என்றா.

எனக்குக் கோபம் வந்தது. வாய்மொழிக் கேள்விக்கு அந்த மாணவி வந்ததும், "அடிக்கிற நேரம் கால் கோட்டில பட்டா என்ன?" என்று நானே கேட்டேன்.

"பிழை டீச்சர். புள்ளி மற்றப் பக்கத்துக்குப் போயிரும்." கொஞ்சம் தயங்கி, "நானும் ரெண்டு தரம் மிதிச்சிட்டன்," என்றாள்.

வாய்மொழிக்கு இருவருமே முழுப் புள்ளி கொடுத்தோம். சேர்விஸுக்கு நான் பத்தை வெட்டி, ஆறு என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

மறுவருஷம் அவ குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டா. இப்போது வருகிறவரும் நல்லவர்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளை முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கிறார். அந்த நேரம், மைதானத்தின் மறுகோடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, காற்றில் பறக்கும் தாளை மடியில் அழுத்திப் பிடித்திருந்த அவவைத் தேடும் மனது.