கார்த்திகை முதற்கால்

இதை எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. இரண்டு தடவை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். அம்மன் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அந்த வெட்கம்தான் கையைப் பிடித்தது. நான் எட்டாம் வகுப்புப் படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் எனக்கு வேலை. மனைவி தீபவதி எனக்கு மச்சாள் முறை. சொந்தத்துக்குள் கலியாணம் என்றபடியால் யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. அவளுடைய சாதகத்தையும் கறையான் தின்றுவிட்டது. கார்த்திகை நட்சத்திரம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

1975ஆம் ஆண்டு கடைசியில் அவளுக்கு இடது கண் மங்கத் தொடங்கியது. விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடிவிட்டது, கொழும்புக்குப் போய்க் கண்ணை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், பிந்தினால் போன பார்வை திரும்பாது என்றார்.

அந்த நாட்களில்தான் இராகு விருச்சிகத்தை விட்டுத் துலாத்துக்கு வந்திருந்தது. மற்றக் கிரகங்கள் முன்னே போக, இராகுவும் கேதுவும் பின்னோக்கி நடக்கும். ஒரு இராசியில் ஏறக்குறைய ஒன்றரை வருடம். ஒன்று எங்கே நிற்கிறதோ அதற்கு நேர் ஏழாவது இராசியில் மற்றது நிற்கும். ஆகவே கேது மேஷத்தில். பலனைச் சந்திரன் நின்ற இராசியிலிருந்து எண்ணிப் பார்ப்பார்கள். மூன்று, ஆறு, பதினொன்று நல்ல இடங்கள். மற்றவை பெரும்பாலும் சோதனை.

நான் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். மேஷத்துக்குக் கீழே அசுவினி, பரணி, கார்த்திகை என்று இருந்தது. அவள் மேஷம் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் கேது அவளுடைய இராசியிலேயே நிற்கிறது, இராகு ஏழில். உடம்பில் ஆயுதம் படக்கூடாத காலம் என்று போட்டிருந்தது. 1977 வைகாசி அளவில் இராகு கன்னிக்குப் போகும். மேஷத்துக்கு அது ஆறாமிடம், நோயை வெல்லும் இடம். அதுவரை பொறுப்போம் என்றேன்.

அவள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாததோ," என்றாள்.

என்னோடு படகில் வேலை செய்த ஹனீபா கிண்ணியாக்காரன். அவன் மட்டும் விடவில்லை.

"உங்கட பாம்பு ரெண்டும் பின்னால போகுது எண்டா போகட்டும். நீ ஏன் மச்சான் அதுகளுக்குப் பின்னால போறாய்?"

"உனக்கு இது விளங்காது, ஹனீபா."

"ஓம், எனக்கு விளங்காது. தங்கச்சிக்குக் கண்ணும் விளங்காமப் போகப் போகுது."

அவனோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன்.

பரிகாரம் எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இராகு காலம் தொடங்கும். அந்த நேரத்தில் அம்மன் கோயிலில் எலுமிச்சை மூடியைப் புறம் திருப்பி நெய்விளக்கு ஏற்றினாள். இராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு, பிள்ளையாருக்கு அறுகம்புல். ஒரு கிழமையும் தவறவில்லை. டொக்டர் தந்த மருந்துத் துளி முடிந்தபோது மட்டும் நான் மறுபடி வாங்கவில்லை. விளக்குக்கு நெய் வாங்கினேன்.

அடுத்த ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் மூடியில் நெய் ஊற்றினாள். நெய் மூடிக்குள் விழவில்லை. பக்கத்தில் தரையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்றி முடித்துத் திரியை வைத்தாள். அதுவும் தரையில். பிறகு நெருப்புப் பெட்டியைத் தடவினாள்.

"தீபம், எத்தனை நாளாய் இப்படி?"

"இடது கண் பங்குனியோட போயிட்டுது. இப்ப மற்றதும் மங்குது."

"ஏன் சொல்லேல்லை?"

"வாற வைகாசி வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்கள்தானே."

நான் அம்மன் முன்னால் விழுந்தேன். அழகாக ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. "தாயே, எனக்கு வழி தெரியேல்லை. மற்றக் கண்ணை மட்டும் விடு," என்று அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

எழும்பியபோது எங்கள் பக்கத்தில் ஒரு வயதான சாத்திரியார் நின்றார். கந்தளாயிலிருந்து நேர்த்திக்கு வந்தவராம். சிந்திய நெய்யில் வழுக்கப் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டவர். விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"கார்த்திகை எத்தினையாம் கால்?"

ஒரு நட்சத்திரத்துக்கு நாலு கால் உண்டு என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை.

"கார்த்திகையில முதற்கால்தான் மேஷம். மற்ற மூண்டு காலும் இடபம். பஞ்சாங்கத்தில பக்கத்தில போட்டிருக்குமே. பிறந்த நேரம் என்ன?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் தீபவதி சொன்னாள்.

"கார்த்திகை விளக்கீட்டண்டு, விளக்கு வைக்கிற நேரம். அதுதான் அப்பு இந்தப் பேர் வைச்சவர்."

எந்த வருடம் என்றும் கேட்டுக்கொண்டு போனவர், தன்னிடமிருந்த பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, வியாழக்கிழமை கோயிலுக்குத் திரும்பி வந்தார். அவள் பிறந்த அன்று விடியற்காலை ஆறு மணியளவில் கார்த்திகை தொடங்கியிருக்கிறது. ஒரு கால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். மத்தியானத்தோடு முதற்கால் முடிந்துவிட்டது. அவள் இடப இராசி.

இடபத்திலிருந்து துலாம் ஆறாமிடம். நான் எந்த நல்ல காலத்துக்காக அவளைக் காக்க வைத்தேனோ, அந்தக் காலம் முழுவதும் அவளுக்கு நடந்துகொண்டே இருந்தது.

சாத்திரியார் இன்னொன்றும் சொன்னார். "மேஷமாய் இருந்தாலும் நீர் செய்தது பிழைதான், தம்பி. இராகு கேதுவை மட்டும் வைச்சுப் பலன் சொல்ல ஏலாது. வியாழன், சனி, பிறந்த சாதகம், நடக்கிற திசை எல்லாம் பாக்க வேணும். கெட்ட இடமெண்டால் கவனமாய் இரு எண்டுதான் கருத்து. மருந்தை நிப்பாட்டு எண்டு எந்தச் சாத்திரத்தில கண்டனீர்?"

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்.

"பிறந்த நேரம் உனக்குத் தெரியும் எண்டு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னை ஒண்டும் கேட்கேல்லையே."

பதினேழு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் நாங்கள்.

அடுத்த நாளே கொழும்புக்குப் புறப்பட்டோம். ஸ்டேசனுக்கு ஹனீபா வந்தான். அவளுடைய பையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, "தங்கச்சி, நானும் பள்ளிவாசல்ல துஆ கேட்கிறன்," என்று மட்டும் சொன்னான்.

கொழும்பு டொக்டர் இடது கண்ணைப் பார்த்து, இனி முடியாது என்று தலையை ஆட்டினார். வலது கண்ணைக் காப்பாற்றலாம், இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் அதுவும் இல்லை என்றார். வெட்டினார்கள். கட்டு அவிழ்த்த நாள் அவள் என்னைப் பார்த்து, "சவரம் எடுக்கேல்லையோ?" என்றாள். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

இப்போது 1981. இராகு கடகத்தில். இடபத்துக்கு மூன்றாமிடம், நல்ல இடம்தான். பஞ்சாங்கம் இன்னும் பார்க்கிறேன். கிரகங்களும் தெய்வம் வைத்தவைதான். ஆனால் பார்க்க முதல் அவளைக் கேட்கிறேன். அவள் இடது பக்கமாகத்தான் நான் எப்போதும் நடக்கிறேன், அந்தப் பக்கம் வருவது அவளுக்குத் தெரியாது என்பதால்.

நான் கேட்டது ஒரு கண். அம்மன் அதைத் தந்தாள். முதலிலேயே சரியாகக் கேட்டிருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

அன்பானவர்களே, வீட்டில் யாருக்காவது வருத்தம் என்றால் வைத்தியரிடமும் போங்கள், தாயிடமும் போங்கள். அவள் ஒன்றை விட்டு ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். முக்கியமாக, அம்மன் கண் தந்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் ஒரு கண்ணைப் போக்கிய கதையை விட்டுவிட வேண்டாம்.