ஐநூற்றைம்பது பெயர்களும் ஒரு பரோட்டா மாவு மெஷினும்

மதுரை செல்லூரில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால் நானும் என் சிநேகிதனும். அவன் மெஷின் செய்வான், நான் கணக்கும் வரவு செலவும் பார்ப்பேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், அப்போதுதான் பரோட்டாவுக்கு மாவு பிசைகிற மெஷின் ஒன்றை அவன் செய்து முடித்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நான் கேலி செய்வேன். ஆனால் மெஷின் உண்மையிலேயே நல்ல மெஷின். மாஸ்டர் அரை மணி நேரம் மூச்சுமுட்டப் பிசைகிற மாவைப் பத்து நிமிஷத்தில் பதமாகப் பிசைந்து கொடுத்துவிடும்.

அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று தமுக்கம் மைதானத்தில் நடந்த பொருட்காட்சியில் பத்து நாளைக்கு ஒரு ஸ்டால் எடுத்தோம். மெஷின் பிசைந்த மாவில் அங்கேயே ஒரு மாஸ்டர் பரோட்டா போடுவார். வருகிறவர்களுக்குப் பாதிப் பரோட்டாவும் கொஞ்சம் சால்னாவும் இலவசம். சாப்பிட்டவர்கள் பெயர், ஊர், போன் நம்பரை நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். இது அவன் யோசனை. ஓசி என்றால் பினாயிலையும் குடிக்கிற ஊர், பரோட்டாவை விடுமா? ராட்டினத்துக்கு நின்ற வரிசையைவிட எங்கள் வரிசை நீளம்.

அவன் சொந்த ஊர் திருவாதவூர். அங்கிருந்து சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி ஒருவர் விடாமல் நோட்டில் எழுதினார்கள். எழுதாமல் போனால் அவன் மனசு கஷ்டப்படும் என்ற மரியாதை அவர்களுக்கு. அவன் தலையெல்லாம் மாவோடு நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பொருட்காட்சி முடிந்ததும் அவனே ஒரு கணக்குப் போட்டான். ஸ்டால் வாடகை, கரண்டு, பேனர், மைதா, எண்ணெய் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். நோட்டில் ஐநூற்றைம்பது பேர். வகுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு ஆளப் பிடிக்க வெறும் நாப்பது ரூவாதான் மாப்ள."

அந்த நாற்பது ரூபாய் அவன் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்து கோயம்புத்தூரில் பெரிய பொருட்காட்சி, அதில் நாலு மடங்கு பெரிய ஸ்டால், கைவசம் பத்து மெஷின் தயாராக வேண்டும் என்றான். அவனிடம் பணம் இல்லை. அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. அதற்கு ஆளும் பார்த்துவிட்டான், மறுமாசம் அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு.

அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. வயல் போனால் தங்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அண்ணே, நீங்க ஒருவாட்டி கணக்குப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு," என்றாள்.

பார்த்தேன். முதலில் நோட்டை எடுத்து, போன் இருந்தவர்களிடம் போனிலும், மற்றவர்களிடம் பஸ் ஏறிப் போயும் மூன்றே கேள்வி கேட்டேன். கடையோ மெஸ்ஸோ சமையல் கான்ட்ராக்டோ இருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மைதா ஓடுகிறது? மெஷின் வாங்குவதென்றால் பணம் எடுக்கிறவர் நீங்கள்தானா, இந்த ஆறு மாசத்துக்குள் எடுப்பீர்களா? இருபது கிலோவுக்குக் குறைந்தால் கையே போதும், மெஷின் தண்டம். பாதிப் பேருக்கு முதல் கேள்வியே புரியவில்லை. ஒரு அம்மா, பரோட்டா ரொம்ப நன்றாக இருந்தது, உங்கள் கடை எந்தத் தெருவில் என்று கேட்டார். எங்களைப் பரோட்டாக் கடை என்றே நினைத்திருக்கிறார்கள்.

உண்மையான கடைக்காரர்கள் ஏன் வரவில்லை என்பது விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு கடையில் நின்றபோதுதான் உறைத்தது. பொருட்காட்சி திறப்பது சாயங்காலம் நாலு மணிக்கு, மூடுவது பத்து மணிக்கு. மதுரையில் பரோட்டாக் கல் சூடாக இருக்கிற நேரமும் அதுதான். கல்லை விட்டுவிட்டு எந்தக் கடைக்காரன் ராட்டினம் பார்க்க வருவான்? இந்த ஊரிலேயே பிறந்து, தினம் ராத்திரி பரோட்டா தின்று வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

மூன்று கேள்வியையும் தாண்டி நின்றவர்கள் பதினாலு பேர்.

அடுத்தது செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சுமைகூலியை அவன் சேர்க்கவே இல்லை. ஸ்டாலில் நின்ற பட்டறை ஆட்கள், பரோட்டா மாஸ்டர், நாங்கள் இருவர், எல்லாருடைய பத்து நாள் சம்பளம் பதினோராயிரம். சாப்பாடு, ராத்திரி வீடு திரும்ப ஆட்டோ நாலாயிரம். பிறகு நான் சுற்றிய பஸ்ஸும் போனும், அதற்கான என் சம்பளமும் ஐயாயிரம். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம். பதினாலால் வகுத்தால் ஒரு ஆளுக்கு மூவாயிரம். அந்தப் பதினாலு பேரிலும் வாங்கியது இரண்டே பேர். ஒரு மெஷினில் எங்களுக்கு நிற்பது நாலாயிரம்.

பட்டறையில் உட்கார்ந்து சொன்னேன். நம் ஆட்கள் ஸ்டாலில் நின்றாலும் பட்டறையில் இருந்தாலும் சம்பளம் ஒன்றுதானே, அதை ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டான். பட்டறையில் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளில் ஒரு மெஷின் முடித்திருப்பார்கள் என்றேன். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் பென்சிலால் அடித்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் சித்தப்பா, பெரியப்பா மக்கள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் அடிபட்டுக் கிடந்தார்கள்.

"அப்ப இம்புட்டு பேரும் பரோட்டாவுக்குத்தான் வந்தாய்ங்களா மாப்ள?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? உடனே, இதில் நல்லதும் இருக்கிறது, கோயம்புத்தூரை விடு, மெஷினை ஒரு மினி வேனில் ஏற்றி மத்தியானம் மாவு பிசைகிற நேரத்துக்குக் கடை கடையாகப் போவோம், பத்தில் ஒரு பங்கு செலவுதான் ஆகும் என்று மளமளவென்று சொன்னேன். கணக்குப்படி அதுதான் சரியான வழி. அவன் தலையை ஆட்டினான். எழுந்து போய் மெஷினைத் துணியால் மூடினான்.

வயலை விற்கவில்லை. ஆனால் மினி வேனும் வரவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான். நான் மட்டும் இரண்டு கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். மெஷினைப் பற்றி அவர்கள் கேட்டதற்கு அவனைப் போலப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் பட்டறையை மூடினோம். அவன் ஒரு மில்லில் ஃபிட்டர் வேலைக்குப் போனான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சமாதானமாவதற்கு ஒரு வழி இருந்திருக்கும்.

கணக்கில் தப்பில்லை. இன்றைக்கு உட்கார்ந்து போட்டாலும் அதே மூவாயிரம்தான் வரும். அதனால் என் துக்கம் ஒன்றும் குறையவில்லை.

ஒவ்வொரு அறுவடைக்கும் அவன் மனைவி திருவாதவூர் பஸ்ஸில் எனக்கு ஒரு மூட்டை அரிசி போட்டு அனுப்புகிறாள். அரிசி வந்துவிட்டதா என்று போனில் கேட்பாள். நிலம் கையில் நிற்கிறதென்றால் அது உங்களால்தான் அண்ணே என்பாள். அவன் இருக்கிறானா என்று கேட்பேன். இந்தா, பக்கத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லி அவனிடம் நீட்டுவாள். போன் கை மாறுகிற சத்தம் கேட்கும். பிறகு மறுபடியும் அவள் குரல்தான் கேட்கும்.