பாக்கியசாமி ரசித்த மூன்றாம் அத்தியாயம்

ஐரீன் டீச்சருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. 1936இல் துறைமுக நகரமான ஜார்ஜ்டவுனில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றின் ஆய்வேடுகளைத் திருத்தும் இரண்டாம் தேர்வாளர் அவர். துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகளின் கணக்குப் பாடம் பற்றி அவ்வகுப்பு மாணவன் பீட்டர் எழுதிய ஆய்வேட்டுக்கு முதல் தேர்வாளர் பாக்கியசாமி நூற்றுக்கு எழுபத்தெட்டு மதிப்பெண் போட்டிருந்தார். அதைப் பார்க்காமல் தனியே திருத்திய ஐரீன் போட்டது நாற்பது. வித்தியாசம் இவ்வளவு பெரிதானால் இருவரும் காரணம் சொல்லிப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஆய்வேடு மூன்றாமவரிடம் போகும்.

"கூட்டி ரெண்டால வகுத்துப் போட்டுடலாம்லா," என்றார் பாக்கியசாமி.

"விதியில அப்படி இல்ல சார். உங்களுக்கு எது புடிச்சுது?"

"மூணாம் அத்தியாயம். என்ன தெளிவு, என்ன நடை!"

"அது போன வருஷம் நீங்க நடத்துன பாடம் சார். உங்க பேரே சொல்லாம அப்படியே எழுதியிருக்கான்," என்று ஐரீன் வாய்விட்டுச் சிரித்தார்.

பாக்கியசாமி ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "சரி, நாலாம் அத்தியாயத்துல என்ன குறை?" என்று கேட்டார்.

ஐரீனின் சிரிப்பு நின்றது. திருட்டைக் கண்ட கோபத்தில் அதை அவர் படிக்காமல் சும்மா புரட்டியிருந்தார். இருவரும் சேர்ந்து படித்தார்கள். அதில் இருந்தவை பிள்ளைகளோடு உட்கார்ந்து பீட்டரே கண்டறிந்தவை, நன்றாகவே இருந்தன. திருட்டுக்குக் குறைத்து, உழைப்புக்குக் கொடுத்து, ஐம்பத்திரண்டு என்று முடிவு செய்து, காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

பீட்டரைக் கண்டிக்கும் வேலையை ஐரீன் பாக்கியசாமியிடமே தள்ளிவிட்டார். அவர் மீசையைத் தடவியபடி, கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் போனார்.