ஓடிப்போகக்கூடியவர்

அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்ட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஒன்பது மாடி, ஒரே ஒரு லிஃப்ட், அதற்குள் ஒரு முக்காலி. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையின் ஒரு மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். அக்கா மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய் வந்ததைத் தவிர அவர் ஊரைத் தாண்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தாம் மாடி முதலாளியின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. விலை உயர்ந்த கடிகாரம். முந்தின நாள் அவர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கிப் போனவர் லிஃப்ட்டுக்காரர். இரண்டு போலீஸ்காரர்கள் மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்கள். அவரே திறந்தார். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டார். அறையைக் கிளறியதில் கடிகாரம் கிடைக்கவில்லை. கூப்பிட்டால் வந்து ஆஜராக வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. ஆனால் நோட்டீஸ் ஸ்டேஷனில் இருந்தது, ஜீப் வாசலில் நின்றது. ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்பினார்கள். இலவச சட்ட உதவியில் அவருக்குக் கிடைத்த வக்கீலம்மா சின்ன வயசுக்காரர். அன்று மட்டும் அவர் கையில் பதினான்கு வழக்குக் கட்டுகள் இருந்தன.

"நிரந்தர முகவரி என்ன ஐயா?" என்று கம்பிக்கு வெளியிலிருந்து கேட்டார்.

"லிஃப்ட் ரூம்தான்மா."

வக்கீலம்மா கட்டிடச் சங்கத்துக்குப் போனார். மோட்டார் அறையில் ஆள் தங்குவது விதிப்படி குற்றம் என்பது சங்கச் செயலாளருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இங்க யாரும் தங்கலையே மேடம், வேலைக்கு வருவார், போவார்" என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் எங்கே போனார் என்று கேட்க ஆளில்லை.

முதல் ஜாமீன் மனு பன்னிரண்டாம் நாள் வந்தது. அரசு வக்கீல் எழுந்து, எதிரிக்கு நிலையான முகவரி இல்லை, சொத்தில்லை, மனைவி மக்கள் இல்லை, வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவார் என்றார். வக்கீலம்மா விட்டுக்கொடுக்காமல், பக்கத்து மாவட்டத்தில் அக்கா வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்வார் என்றார்.

"பாருங்க, கோர்ட் எல்லைக்கு வெளிய போய் இருக்கறதுக்கு இடமும் ரெடியா இருக்கு" என்றார் அரசு வக்கீல்.

முகவரி இல்லையென்றால் ஓடிப்போவார். இருந்தால் அங்கே ஓடிப்போவார். மனு தள்ளுபடியானது. குற்றவாளிக் கூண்டின் ஓரத்தில் நின்ற லிஃப்ட்டுக்காரர், ஓடுவதற்குத் தன்னிடம் இருக்கும் வசதிகளை முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமையாகிவிடும். வக்கீலம்மா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலும் யாரோ எண்ணியிருக்க வேண்டும். ஐம்பத்தெட்டாம் நாள் மாலை, கோர்ட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தது.

இரண்டாவது மனுவை அறுபத்து நாலாம் நாள் விசாரித்த நீதிபதி நல்லவர். விசாரணை முடிந்துவிட்டது, கைப்பற்ற ஒன்றுமில்லை, இவரால் கலைக்கக்கூடிய சாட்சியும் இல்லை என்றார். குற்றம் நிரூபணமாகும் வரை இவர் நிரபராதி, நிரபராதியின் சுதந்திரத்தைத் தகுந்த காரணமில்லாமல் பறிக்கக்கூடாது என்று உருக்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வழக்கமாகப் போடும் நிபந்தனைகளைப் போட்டார். இந்த ஊரில் சொந்த வீடுள்ள இரண்டு பேர் ஜாமீன்தாரர்களாக வரவேண்டும், சொத்து வரி ரசீதுடன். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஊரை விட்டுப் போகக்கூடாது.

அக்கா சிறைக்கு மனுப்போட்டுப் பார்க்க வந்தபோது லிஃப்ட்டுக்காரர் முகம் மலர்ந்திருந்தது.

"ஜாமீன் குடுத்துட்டாங்கக்கா!"

"அப்புறம் ஏன்டா தம்பி இன்னும் உள்ள இருக்க?"

அது அவருக்கும் சரியாக விளங்கவில்லை. "பாஸ்போர்ட் குடுக்கணுமாம். அது எங்கக்கா விக்கறாங்க?"

பாஸ்போர்ட் சிக்கலை வக்கீலம்மா ஒரு பிரமாணப் பத்திரத்தில் தீர்த்தார்: இல்லாததை ஒப்படைக்க இயலவில்லை என்று. வீடுள்ள இரண்டு பேர்தான் கிடைக்கவில்லை. அக்கா வாடகை வீட்டுக்காரி, அதுவும் வெளி ஊர். மூன்றாம் மாடி டீச்சர் தானாகவே முன்வந்தார். "என் முட்டிவலிக்கு நாற்காலியோட தூக்கிட்டுப் போனவருக்கு இதுகூட செய்ய மாட்டேனா?" என்றார். ரசீதைப் பார்த்தால் வீடு மகன் பெயரில் இருந்தது. மகன் கப்பலில் இருந்தான். சங்கத்தில் வீடு வைத்திருந்த மற்றவர்களுக்கு லிஃப்ட்டுக்காரர் மேல் ரொம்ப நம்பிக்கை. கையெழுத்து மட்டும் வரவில்லை. கோர்ட் வாசல் மரத்தடியில் யாருக்கு வேண்டுமானாலும் காசுக்கு ஜாமீன் நிற்க ரசீதும் கையுமாக இரண்டு பேர் காத்திருந்தார்கள். பொய் ஜாமீன் பிடிபட்டால் உள்ளதும் போகும் என்று வக்கீலம்மா அவர்கள் பக்கமே திரும்பவில்லை.

இப்படி, ஜாமீன் கிடைத்த மனிதர் ஜாமீன் கிடைத்தபடியே நாற்பத்தேழு நாள் சிறையில் இருந்தார். அவரை விடப் பெரிய வழக்கில் பிடிபட்டு அடுத்த பாயில் படுத்திருந்த நிலத் தரகர், ஜாமீன் உத்தரவு வந்த அன்று மாலையே சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது, "தைரியமா இருங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வக்கீலம்மா நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மூன்றாவது மனுப் போட்டார். அரசு வக்கீல் மறுபடி முகவரியில் வந்து நின்றார். இந்த முறை வக்கீலம்மா குற்றப்பத்திரிகையையே பிரித்தார்.

"கைது செய்த இடம்னு இதுல போலீஸே எழுதியிருக்காங்க: மொட்டை மாடி, லிஃப்ட் அறை. கைது பண்றதுக்கு அந்த முகவரி போதுமா இருந்துச்சு. ஒரே தடவை தட்டினாங்க, இவரே கதவைத் திறந்தார். விடறதுக்கு மட்டும் அது எப்படி முகவரி இல்லாமப் போகும்? நிறைவேத்த முடியாத நிபந்தனையோட ஜாமீன் குடுக்கறதும் ஜாமீன் மறுக்கறதும் ஒண்ணுதான்."

நீதிபதி அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். பிறகு, ஜாமீன்தாரர் தேவையில்லை, மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கட்டும் என்று, சொந்தப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடச் சொன்னார். நூற்றுப் பதினோராம் நாள் லிஃப்ட்டுக்காரர் வெளியே வந்தார்.

வேலை போயிருந்தது, அறையும் போயிருந்தது. ஊரை விட்டுப் போகக்கூடாது. ஊருக்குள் இருக்க இடமுமில்லை. பஸ் நிலையத்தில் பத்து நாள் படுத்தார். ஒரு மருத்துவமனை லிஃப்ட்டில் வேலை கிடைத்தது. திங்கள்தோறும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்றதும் மேனேஜர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரு ஜவுளிக்கடையின் வாகன நிறுத்தத்தில் பிற்பகல் வேலை அமைந்தது. அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டார்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. இருபத்தொன்பது வாய்தா. அவர் ஒன்றைக்கூட விடவில்லை. ஒருநாள் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடுகூட வந்து பெஞ்சில் சுருண்டு கிடந்தார். மற்றவர்கள்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இன்ஸ்பெக்டர் மாற்றலானார். நீதிபதி பதவி உயர்வு பெற்றுப் போனார். அரசு வக்கீல் தேர்தலில் நிற்கப் போய்விட்டார். புகார் கொடுத்த ஐந்தாம் மாடி முதலாளி வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டில் குடியேறினார். அவருக்குப் போன சம்மன் 'கதவு பூட்டியிருக்கிறது' என்று திரும்பியது. வாரண்ட் போட்டார்கள், அது 'விலாசம் தெரியவில்லை' என்று திரும்பியது.

கடைசி வாய்தாவில் டவாலிச் சேவகர் தாழ்வாரத்தில் நின்று முதலாளியின் பெயரை மூன்று முறை கூவினார். புது நீதிபதி புது அரசு வக்கீலைப் பார்த்தார்.

"சாட்சி எங்கே?"

"தெரியலைங்க. எப்ப வருவார்னும் சொல்ல முடியலை."

"எதிரி?"

"இருக்கேங்கய்யா" என்று லிஃப்ட்டுக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

சாட்சியம் இல்லாததால் அவர் விடுதலை செய்யப்பட்டார். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்ததும் வக்கீலம்மாவிடம், "இனிமே நான் எங்க வேணும்னாலும் போகலாமாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா போங்க ஐயா. யாரும் தடுக்க முடியாது."

அன்றைக்கே அக்கா ஊருக்கு பஸ் ஏறினார். அக்கா பார்த்ததும் அழுதாள், பிறகு சமைத்தாள், பிறகு மறுபடி அழுதாள். மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்தா என்னடா? இப்பதான் கையெழுத்தும் இல்ல, ஒண்ணுமில்லையே?"

"ஜவுளிக்கடையில நாலு நாள்னு சொல்லிட்டு வந்தேன்கா. சொன்ன நாளுக்குப் போகலைன்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடத் தொடங்கினார்.