வடக்கு ஜன்னலில் வந்த வெயில்

மைசூரில் எங்கள் அறைகலன் கடையில் துணி மாதிரிகள் என் பொறுப்பு. பக்கத்து மேசை ஷர்வாணியுடையது. வாடிக்கையாளரின் ஹால் எப்படி அமையும் என்று அவள் கணினிக்கு எழுதிக் கொடுப்பாள். அது படம் போட்டுத் தரும். பாணி, மரம், துணி, வெளிச்சம் வரும் திசை என எதையும் விடமாட்டாள். கையால் வரைந்த காலத்திலிருந்தே, பதினோரு வருஷமாக அப்படித்தான். வரைபடத்தில் வடக்குக் குறியைப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள்.

கமலாக்ஷம்மா வீணை வாத்தியார். இன்னும் கட்டி முடியாத புது வீட்டுக்கு ஹால் வேலை கேட்டு வந்தார். வீணையின் மெழுகு வெயிலில் இளகிவிடும், அதில் பதித்த மெட்டுகள் நகர்ந்துவிடும் என்பதுதான் அவர் கவலையெல்லாம். அந்த ஹாலின் ஒரே ஜன்னல் வடக்கே. அதன் இருபுறமும் பக்கச்சுவர் வெளியே நீண்டிருப்பதால் கோடையிலும் வெயில் உள்ளே வராது என்று ஷர்வாணி கணக்குப் பார்த்துச் சொன்னாள். ஜன்னலடியில் வீணைக்கு ஒரு தாழ்வான மேடை என்று முடிவானது.

அவள் எழுதியது எனக்கு மனப்பாடம்: "எளிய தென்னிந்திய ஹால். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், தேக்கு மேடை, சாம்பல்பச்சைக் கைத்தறி மெத்தை. கிழக்கு வாசலிலிருந்து மேற்கே பார்க்கும் பார்வை. வலப்புற வடக்கு ஜன்னலிலிருந்து மென்மையான, சீரான பகல் வெளிச்சம். தரையில் வெயில் படக்கூடாது."

படம் அப்படியே வந்தது. முதலாளி உமாபதிக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் கடைப் படம் எதுவானாலும் தங்க நிற வெயில் சாய்ந்து விழ வேண்டும், அது அவர் ராசி. கடைசி வரியை மாற்றச் சொன்னார். ஷர்வாணி மூன்று தடவை மறுத்தாள். "பொழுதெல்லாம் வடக்கு தெற்குன்னு பேசினா யாரும்மா சோபா வாங்குவா?" என்றார். மாற்றினாள்.

மறுநாள் கமலாக்ஷம்மா பெரிய திரையைப் பார்த்தார். மேடை மேல், சரியாக வீணை வைக்கும் இடத்தில், பொன்னாய் வெயில்.

"இங்க வெயிலே வராதுன்னு சொன்னீங்களே?"

"அது சும்மா அழகுக்கு, மேடம்" என்றார் உமாபதி.

"வெளிச்சம் அழகுக்குன்னா, தேக்குன்னு சொன்னதும் அழகுக்குத்தானா?"

உமாபதி பேச்சை மெத்தைக்கு மாற்றப் பார்த்தார். ஷர்வாணி பழைய படத்தைத் திறந்தாள். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "இதுதாம்மா என் வீடு" என்று சொல்லி, அதை அச்செடுத்துத் தரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

அச்சுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீ சரியாத்தான் போட்டிருக்கே. ஆனா இந்தக் கடையில மரத்தை யார் பாத்து வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார் ஷர்வாணியிடம். வேலையை வேறு ஆசாரியிடம் கொடுக்கப் போனார்.

கதவு மூடியதும் உமாபதி திரும்பி, "இதை ஏம்மா முதல்லயே காட்டல?" என்று கேட்டார்.

ஷர்வாணி அடுத்த வீட்டின் வரைபடத்தை விரித்து, வடக்குக் குறியைத் தேடினாள்.