தலையாட்டினால் கேட்காது

அவள் காதால் பிழைப்பவள். பத்திரிகைக்காரர், வக்கீல், ஆராய்ச்சிக்காரர் என்று யார் யாரோ யார் யாரையோ பேட்டி எடுத்து அனுப்புவார்கள். அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி டைப் அடித்துக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. காதில் விழாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று போடவேண்டும். அந்த வார்த்தைக்கு அவள் விரல் தானாகவே போகும்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேட்டி எடுப்பவனை அவள் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசுகிறவர் வாய் திறக்கும்போதெல்லாம் ‘ம்... ம்...’ என்று குறுக்கே உறுமுகிறவனை மாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பாள். “கையில போனை வச்சுக்கிட்டுக் காதை வீட்ல விட்டுட்டு வர்றானுங்க” என்பாள்.

இப்படி ஊரையெல்லாம் வைதவளுக்கு, சொந்த அண்ணியைப் பதிவு செய்யும் வேலை வந்து சேர்ந்தது.

அண்ணி, செத்துப்போன அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இயந்திரச் சத்தத்தில் காது பாதி போயிற்று. இப்போது தொண்டையில் புற்று. வெள்ளிக்கிழமை குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். வியாழன் மாலை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். அதுவரை ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் கப்பலில் இருந்தான். அடுத்த துறைமுகம் வரும்வரை இறங்க வழியில்லை.

“அத்தை, அம்மா பேச்சைப் பதிஞ்சு வைங்க. என்னை எப்படி வளர்த்தாங்கன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்” என்று கேட்டிருந்தான். அழுதானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கப்பல் லைனில் இரைச்சல்.

இருந்தது இரண்டு காலைகள். புதன், வியாழன்.

புதன்கிழமை அண்ணி வீட்டுக் கூடத்துக் கண்ணாடி மேஜையில் போனை மல்லாக்க வைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அண்ணி கோர்ட்டில் சாட்சி சொல்லுகிறவள் மாதிரி விறைத்துக்கொண்டாள்.

“பேர் ஊர் எல்லாம் சொல்லணுமா?”

“உங்க பையனுக்கு உங்க பேர் தெரியும் அண்ணி. அவன் குழந்தையில எப்படித் தூங்குவான், அதைச் சொல்லுங்க.”

அண்ணி கரகரத்த குரலில் சொன்னாள். வளையல் மேஜையில் இடித்தது. நடுவில் ஒரு போன் வந்தது. அரை மணி நேரம் ஓடிவிட்டது.

தன் வீட்டுக்குப் போய் இயர்போனை மாட்டிப் பதிவைக் கேட்டாள். குளிர்சாதனப் பெட்டி முணுமுணுத்தது. வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பிய பேச்சு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. வளையல் ஒவ்வொரு முறையும் சுத்தியலாய் விழுந்தது. அண்ணி எட்டத்தில் எங்கேயோ. அதற்கு மேலே, மணி அடித்தாற்போலத் தெளிவாக ஒரு குரல்: ‘ம்... ம்... ஆமா அண்ணி... ம்...’

அது அவளுடைய குரல்.

பழக்கம் விடவில்லை. டைப் அடிக்க உட்கார்ந்தாள். அண்ணி, குழந்தையைத் தூங்கவைத்ததைச் சொல்லும் இடத்தில், ‘தெளிவில்லை’ என்று அடித்தாள். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் அண்ணியின் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சை அணைத்து, தன் வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

“சாவிக்கு வேர்க்குதா?” என்றாள் அண்ணி.

“மறுபடி போட மறந்துட்டா உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டுப்போகும். சாவி இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாதுல்ல, அப்ப ஞாபகம் வந்துடும்.”

“உன் அண்ணனுக்கு இந்த மூளைல கால்வாசி இருந்திருந்தா நான் நல்லா வாழ்ந்திருப்பேன்.”

“பேசாதீங்க அண்ணி. இருக்கிறதே அரை மணி.”

கூடம் வேண்டாம் என்று படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள். மெத்தை, தலையணை, துணி நிறைந்த பீரோ. பீரோக் கதவைத் திறந்து வைத்தாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஜன்னலைச் சாத்தி விசிறியை நிறுத்தினாள். அண்ணியைக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்து முக்காலியில் புத்தகங்களை அடுக்கி, மேலே மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் போனை வைத்தாள். மைக் இருக்கும் அடிப்பக்கம் அண்ணியைப் பார்த்தபடி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். மூச்சு நேரே மோதாமல் இருக்கக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினாள். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டாள். தன் நாற்காலியைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டாள்.

“என்னடி, எனக்கு ஏதாவது ஒட்டிக்கிற வியாதியா?”

“எனக்குத்தான் வியாதி, ‘ம்’ போடற வியாதி. இன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன், தலையாட்டுவேன். வளையலைக் கழட்டுங்க.”

“தாலியையே கழட்டியாச்சு, வளையல் எம்மாத்திரம்.”

ஒரு நிமிஷம் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்தாள். அண்ணி காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

ஆனால் பதிவு தொடங்கியதும் அண்ணிக்கு வாய் அடைத்துவிட்டது.

“இவ்ளோ அமைதியா இருந்தா எனக்குப் பேச்சு வராதுடி. பொணம் கிடக்கற வீடு மாதிரி இருக்கு. முப்பது வருஷம் சத்தத்துக்குள்ளதான பேசினேன்.”

விசிறியைப் போடலாமா என்று அவள் கை ஒரு கணம் சுவிட்சுக்குப் போனது. போட்டால் வாய் திறக்கும், பதிவு கெடும். நாலு நிமிஷம் வீணாகியிருந்தது. பீரோவைப் பார்த்தாள். சட்டென்று அதிலிருந்த துண்டுகளையெல்லாம் வாரி உதறி, அண்ணி மடியில் கொட்டினாள். துண்டு சத்தம் போடாது.

அண்ணி திட்ட வாயெடுத்தாள். ஆனால் கை மடிக்க ஆரம்பித்துவிட்டது. நாலாவது துண்டில் தோள் தளர்ந்தது. ஆறாவது துண்டில் பேச்சு வந்தது.

“உன்னைப் பாத்துக்க ஆள் இல்லடா. துணி வண்டியிலதான் போட்டு வச்சிருப்பேன். அப்பத்தான் உலர்த்தி எடுத்த போர்வை, கதகதன்னு இருக்கும். அவ்ளோ மிஷின் சத்தத்துலயும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ. வீட்டுக்கு வந்தா கத்துவ. தாலாட்டெல்லாம் உனக்கு ஆகல. அப்புறம்தான் புரிஞ்சுது, உனக்கு மிஷின் வேணும்னு. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நானே மிஷின் ஆயிட்டேன்.”

துண்டை மடித்த அதே தாளத்தில், ரகசியம் சொல்வது போல அடிக்குரலில் செய்து காட்டினாள்.

“தடக்... ஷ்ஷ்... தடக்... ஷ்ஷ்...”

சுவர் ஓரத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்தது. மூக்கை உறிஞ்சினால் அதுவும் பதியும் என்று உறிஞ்சாமலே உட்கார்ந்திருந்தாள்.

“அழறியா, தலையாட்டறியா?” என்றாள் அண்ணி.

தலையாட்டினாள்.

சமையலறையில் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. சாவி அவள் கையில் சில்லென்றிருந்தது. அன்று அடித்த ஒன்பது பக்கத்தில் ‘தெளிவில்லை’ ஓரிடத்திலும் இல்லை. பதிவை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வைத்துவிட்டு, மகனுக்கு அனுப்பினாள்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து, இயர்போனை அண்ணி காதில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினாள். கழுத்தில் கட்டோடு அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். விரல்கள் போர்வையை மடித்தன. முடிந்ததும் சிலேட்டை வாங்கி எழுதினாள்.

‘நல்லா வாயாடியிருக்கேன். நீ எங்க?’

“அங்கதான் அண்ணி இருந்தேன். தலையாட்டிக்கிட்டே இருந்தேன்.”

அண்ணி துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

‘தலையாட்டினா அவனுக்குக் கேக்குமா? அந்த ம் போட்டதையும் அனுப்பு. அத்தை கூட இருந்தாள்னு தெரியட்டும்.’

அவள் வீட்டுக்கு வந்து புதன்கிழமைப் பதிவையும் அனுப்பினாள், குளிர்சாதனப் பெட்டியின் முணுமுணுப்போடு.