ஓரகத்தி துவைத்த பட்டு

கோரிப்பாளையத்தில் நான் பட்டு அலசிக் கொடுத்துப் பிழைத்த காலத்தில், என் கை பட்ட சேலையில் குறை சொன்னவர் கிடையாது. படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் அது எந்தப் பட்டு என்று சொல்லிவிடுவேன்.

எங்களிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் கல்யாணப் பட்டுதான். விரலை வைத்தால் வழுக்கும், தொட்ட இடம் குளிரும். பட்டுப்புழுக் கூட்டிலிருந்து அறுபடாமல் ஒரே இழையாக உருவின நூல் அது. காய்ந்திருக்கும்போது இழுத்துப் பார்த்தால் லேசில் அறாது. நனைந்துவிட்டால் அந்தப் பலம் பாதி போய்விடும். அந்த நேரத்தில் தேய்த்தால் மேல்பக்கம் நரைத்துப் பஞ்சு கிளம்பும். அதனால் முந்தி, கரை, உடல் மூன்றையும் தனித்தனியாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அமுக்கி எடுப்பேன். பிழியவே மாட்டேன். பழைய வேட்டியில் சுருட்டி ஈரம் எடுத்து, உள்வீட்டு நிழலில் காயவிடுவேன். இத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டுதான். என் தொழிலை எதற்கு ஊர் பார்க்க வேண்டும்?

முற்றத்தில் வைத்துத் துவைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அது ரிட்டயரான எட்மாஸ்டர் ஐயா வீட்டு எரிப் பட்டுப் போர்வை.

ஐயாவுக்கு இழுப்பு உண்டு. மார்கழி விடியலில் அந்தப் போர்வை இல்லாமல் வெளியே வரமாட்டார். கம்பளி மாதிரிச் சூடு, ஆனால் கம்பளியின் கனமும் அரிப்பும் இல்லை. பளபளப்பும் கிடையாது. நூல் அங்கங்கே தடித்திருக்கும். முதலில் பார்த்தபோது நானே ஏமாந்து, "நல்ல பருத்திப் போர்வைங்கய்யா" என்றேன். அவர் ஓர் இழையை உருவிக் கொளுத்திக் காட்டினார். பட்டுக்கு வரும் மயிர் பொசுங்கும் நாற்றம்தான் வந்தது.

"எரிங்கிறது ஆமணக்கு இலை தின்கிற புழும்மா. கூட்டுல ஒரு முனை திறந்தே இருக்கும், பூச்சி தானா வெளிய போயிரும். அப்புறம்தான் பஞ்சு நூற்கிற மாதிரி நூற்கிறாங்க. உன்னோட கல்யாணப் பட்டுக்குப் புழுவை உள்ள வச்சே வேக வைக்கிறாங்க" என்றார். கதர்க்கடையில் அதை அகிம்சைப் பட்டு என்றுதான் கொடுத்தார்களாம். அவர் வீட்டம்மாவுக்கும் ஒரு சேலை இருந்தது. அது கல்யாணப் பட்டைப்போல மல்பெரிப் பட்டேதான், ஆனால் பூச்சி ஓட்டை போட்டுப் பறந்த பிறகு எடுத்த கூடு. இழை துண்டு துண்டாகிவிடுவதால் அதையும் நூற்கத்தான் வேண்டுமாம். மினுமினுப்பு பாதிதான் தெரியும்.

எரிப் பட்டு வந்த புதிதில் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. வீட்டுத்துணிபோலக் கசக்கினேன், முறுக்கினேன். துவைக்கத் துவைக்கப் பூனைக்குட்டியாகிவிட்டது.

இதைத்தான் என் ஓரகத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கொழுந்தனாரின் மனைவி இல்லை, மூத்தாரின் மனைவி. மூத்தார் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மகளோடு எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து இருந்தாள். மகள் எட்டாவது படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி. மதுரையில் ஒரு தொழில் அமைந்தால் இங்கேயே இருந்து பிள்ளையைப் படிக்க வைக்கலாம். அமையாவிட்டால் சமயநல்லூரில் அவள் அண்ணன் வீடு. அங்கே அண்ணன் பெண்டாட்டி வைத்ததுதான் சட்டம், பொம்பளைப் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த அன்று, பந்தி முழுக்கக் கேட்க, மாமியாரிடம், "என்னத்தா, கொழுந்தனுக்குக் கரிக்கட்டையப் புடிச்சுட்டு வந்திருக்கீக, கையெல்லாம் அரம் மாதிரி இருக்கு" என்றவள் இவள்தான்.

அன்று முற்றத்தில் ஐயாவின் போர்வையை முறுக்கிக் கொடியில் வீசினேன். அவள் சிரித்தாள்.

"ஏத்தா, இம்புட்டுத்தானா ஒன் தொழிலு? சாக்குத் துவைக்கிறவ மாதிரி துவைச்சுப்புட்டு, பட்டுக்காரின்னு பேரு வேற!"

"பேரு நானா வச்சுக்கிட்டதாக்கா? ஊரு வச்சது."

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காதது மாதிரிக் கேட்டாள்: "பட்டுன்னா எம்புட்டுக் கசக்குனாலும் தாங்கும்போல?"

"அதான் கண்ணால பாத்தீல்லக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

மறுவாரம் பேங்க்காரர் வீட்டுக்குப் போனாள். அது எனக்கு வாடிக்கையான வீடு. "அவ மூணு நாளு ஆக்குவா, நான் அன்னைக்கே தாரேன்" என்று சொல்லி, அந்த அம்மாவின் முகூர்த்தச் சேலையை வாங்கி வந்துவிட்டாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அதே வாரத்தில் அந்த அம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம், அந்தப் பெண் அதைக் கட்டுவதாக இருந்தது. அந்த வீடு கைக்கு வந்தால் தெருவே வரும்.

பின்கட்டில் துவைகல் சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

மத்தியானம் அன்னக்கூடையில் ஈரச் சேலையை அப்படியே சுருட்டிப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "செவப்பு ஓடுதுத்தா. என்னமாச்சும் பண்ணு."

அந்த நேரத்தில் பண்ண வேண்டியது ஒன்றுதான். உடனே விரித்து, கரை உடலில் படாமல் பிடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். சுருண்டு கிடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் சாயம் மடிப்பில் இறங்கும். நான் ஐயாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன். பிறகு அடுப்பில் காப்பி வைத்தேன்.

"ஏத்தா, காதுல விழுகலையா?"

"விழுகுதுக்கா. தொழிலு தெரிஞ்சவ நீ, என்னயக் கேக்கலாமா?"

"எனக்குத் தெரியாதுத்தா."

"என்னது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்கால்ல விழுகுறேன்." விழுந்தாள். வயதில் எனக்கு மூத்தவள்.

அப்புறம்தான் போய் விரித்தேன். மஞ்சளெல்லாம் வரி வரியாக அரக்கு ஏறியிருந்தது. அரைமணி அலசியதில் கொஞ்சம் மங்கியது, போகவில்லை. கல்லில் அடித்த இடமெல்லாம் வெளுத்துப் பஞ்சு கிளம்பியிருந்தது. ஜரிகை நெளிந்து செம்பு தெரிந்தது. நான் முந்தியே கையை வைத்திருந்தால் சாயத்தையாவது காப்பாற்றியிருப்பேன்.

பேங்க்காரர் வீட்டம்மா வாசலில் வைத்தே சேலையை அவள் மேல் எறிந்தாள். "என் தாலி ஏறுன சேலைடி! கட்டிக்க, இப்பவே இடுப்புல கட்டிக்கிட்டுத் தெருவுல நட. எல்லாரும் பாக்கட்டும்." அவள் கட்டிக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவளிடம் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்கக் கொடுக்கவில்லை. மறுநாளே அந்த அம்மா எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனேன்.

தாயும் மகளும் சமயநல்லூருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். "புள்ளைய விட்டுட்டுப் போக்கா. நான் படிக்க வைக்கிறேன்" என்றேன். மனதாரத்தான் கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்கிட்டயா? நான் கெடுத்தது ஒரு சேலைத்தா. நீ வாயத் தொறக்காமயே ஒரு குடும்பத்தக் கெடுப்ப. எம்புள்ள மக்காவே இருந்துட்டுப் போகட்டும்."

பஸ் வந்தது. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. சமயநல்லூரில் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் மாமன் மகனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள்.

கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. ஆனாலும் போனேன். அண்ணன் பெண்டாட்டி எனக்கு இலை போட்டாள். பரிமாறுமுன் ஓரகத்தி வந்து அந்த இலையை எடுத்துக்கொண்டு போனாள்.